நெக்பேண்டா, இயர்பட்ஸா: பெட்டியில் போட்டிருக்கும் 40 மணி நேரத்துக்கு என்ன அர்த்தம்?

கேள்வி: தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். போக வர இரண்டரை மணி நேரம் பாட்டு, ஆபீசில் இரண்டு மணி நேரமாவது போன் பேச்சு. 1,800 ரூபாய்க்கு வாங்கிய இயர்பட்ஸில் இடது பக்கத்தை ஏழாவது மாதமே ரயிலில் தொலைத்துவிட்டேன். மறுபடியும் இயர்பட்ஸ் வாங்கலாமா, நெக்பேண்டுக்கு மாறிவிடலாமா? பேட்டரி 40 மணி நேரம் என்று இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது.
— வாசகி, செங்கல்பட்டு

பதில்: நெக்பேண்ட் வாங்குங்கள். தொலைந்துபோகும் பயம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் பயன்படுத்தும் விதத்துக்கு இயர்பட்ஸின் பேட்டரி ஒன்றரை வருடத்திலேயே களைத்துவிடும் என்பது.

முதலில் அந்த 40 மணி நேரத்தைப் பார்ப்போம். நெக்பேண்ட் பெட்டியில் 40 என்று போட்டிருந்தால், ஒருமுறை முழுதாகச் சார்ஜ் போட்டுவிட்டு அவ்வளவு நேரம் கேட்கலாம் என்று அர்த்தம். இயர்பட்ஸ் பெட்டியில் அதே எண் இருந்தால், அது கேஸில் இருக்கும் சார்ஜையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. காதில் இருக்கும் பட் ஒரே மூச்சில் ஓடுவது ஏழு, எட்டு மணி நேரம்தான். அது தீர்ந்ததும் கேஸில் வைத்து எடுக்க வேண்டும். இப்படி நான்கைந்து முறை வைத்து எடுத்தால் மொத்தம் 40 வரும். பெட்டியின் பின்பக்கத்திலோ விற்பனைப் பக்கத்தின் அடியிலோ சின்ன எழுத்தில் ஒருமுறைக்கு எத்தனை மணி நேரம் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அந்த எண்ணும் பெரும்பாலும் ஒலியைப் பாதி அளவில் வைத்து, இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டு, வெறும் பாட்டு மட்டும் ஓடவிட்டு அளந்ததாக இருக்கும். ஓடுகிற ரயிலில் யாரும் ஒலியைப் பாதியில் வைத்துக் கேட்பதில்லை. போன் பேசும்போது மைக் வேலை செய்கிறது, நம் குரலை ஓயாமல் அனுப்பிக்கொண்டும் இருக்க வேண்டும். அதனால் பாட்டைவிடப் பேச்சுக்குச் சார்ஜ் வேகமாக இறங்கும். எட்டு மணி நேரம் என்று போட்ட பட், உங்கள் ரயிலில் பாட்டுக்கு ஐந்து மணி நேரமும் பேச்சுக்கு மூன்றரை மணி நேரமும் தாங்கினால் அது நல்ல பட்தான்.

இப்போது உங்கள் ஒரு நாளைக் கணக்குப் போடலாம். இரண்டரை மணி நேரம் பாட்டு என்றால் பட்டின் சார்ஜில் பாதி போய்விடும். இரண்டு மணி நேரப் பேச்சுக்கு இன்னொரு பாதிக்கும் சற்று அதிகமாகவே போகும். ஆக, ஒரு நாளில் பட் ஒருமுறை முழுதாகக் காலியாகி, முழுதாக நிரம்புகிறது. இதை ஒரு சார்ஜ் சுற்று என்பார்கள். வருடத்தில் 300 நாள் வேலைக்குப் போனால் 300 சுற்று.

இவற்றில் இருப்பதெல்லாம் லித்தியம் வகை பேட்டரி. பொதுவாக 300 முதல் 500 சுற்றுக்குள் அதன் கொள்ளளவு எண்பது சதவீத அளவுக்கு இறங்கும், அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போகும். போனில் இருக்கும் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர் மணி அளவு என்றால், ஒரு பட்டில் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 50 தான். இவ்வளவு சின்ன பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே, ஐந்து மணி நேரம் ஓடியது நான்கு மணி நேரத்தில் நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும். போதாக்குறைக்கு, பல மாடல்களில் போன் பேசும்போது ஒரு பக்கத்து மைக் மட்டும்தான் வேலை செய்யும். அந்தப் பக்கம் சீக்கிரம் தேயும். முதலில் ஒரு காதில் மட்டும் பாட்டு நிற்கும், மற்றதில் முப்பது சதவீதம் பாக்கி இருக்கும். அந்த பேட்டரியை மாற்றவும் வழியில்லை. இயர்பட்ஸைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், திறந்தால் உடையும்.

இதே நாளை நெக்பேண்டில் வைத்துப் பாருங்கள். கழுத்துப் பட்டையில் இடம் இருப்பதால் 150, 200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி வைக்க முடிகிறது. 40 என்று போட்டது உங்கள் பயன்பாட்டில் பாட்டுக்கு 25 மணி நேரமாகவும் பேச்சுக்கு 18 மணி நேரமாகவும் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் செலவாகும். நான்கு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். வருடத்துக்கு 65 சுற்றுக்கு மேல் வராது. நெக்பேண்டுகள் பெரும்பாலும் பேட்டரி தேய்ந்து சாவதில்லை. அதற்கு முன்பே வேறொன்று போய்விடும்.

அந்த வேறொன்று ஒயர். கழுத்துப் பட்டையின் முனையிலிருந்து மெல்லிய ஒயர் வெளியே வரும் இடம், அப்புறம் அந்த ஒயர் காதுப் பகுதிக்குள் நுழையும் இடம், இந்த இரண்டில்தான் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி அறுபடும். பையில் சுருட்டித் திணிப்பதும், காதிலிருந்து கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுப்பதும்தான் காரணம். அறுபடப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும்: ஒரு பக்கம் கரகரக்கும், ஒயரை விரலால் ஒரு கோணத்தில் வளைத்தால் சத்தம் திரும்ப வரும். உத்தரவாதக் காலத்தில் இருந்தால் அந்த நிலையிலேயே கொடுத்துவிடுங்கள், முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். காலம் முடிந்திருந்தால் செல்போன் பழுது பார்க்கும் கடையில் பற்ற வைத்துத் தருவார்கள். அறுந்த இடம் பட்டைப் பக்கமாக இருந்தால் வேலை நன்றாக நிற்கும். காதுப் பகுதிக்குள் என்றால் சில சமயம் நிற்காது.

விலைக்கு வருவோம். நீங்கள் 1,800 கொடுத்து ஏழு மாதம் பயன்படுத்தினீர்கள், மாதம் 257 ரூபாய் ஆகியிருக்கிறது. அதையே தொலைக்காமல் ஒன்றரை வருடம் ஓட்டியிருந்தால் மாதம் 100 ரூபாய். 1,200 ரூபாய்க்கு ஒரு நெக்பேண்ட் வாங்கி, நடுவில் ஒயர் பழுதுக்கு 150 ரூபாய் செலவழித்து இரண்டு வருடம் ஓட்டினால் மாதம் 56 ரூபாய் வரும். தொலையாத இயர்பட்ஸுக்கும் நெக்பேண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாங்கக்கூடியதுதான். கணக்கைக் கவிழ்ப்பது தொலைவதுதான்.

ஏனென்றால் தொலைந்ததற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. விலை உயர்ந்த சில மாடல்களுக்கு ஒற்றை பட் தனியாக வாங்க முடியும். 2,000 ரூபாய்க்குள் வரும் பெரும்பாலான மாடல்களுக்கு அது கிடைக்காது, கிடைத்தாலும் புது ஜோடி விலையில் கணிசமான பங்கு போய்விடும். வேறு மாடலின் இடது பட்டை வாங்கி உங்கள் வலது பட்டோடு சேர்க்க முடியாது. போனில் இருக்கும் தேடும் வசதியும் ரயிலில் உதவாது. விலை குறைந்தவற்றில் அது கடைசியாக இணைப்பு இருந்த இடத்தைக் காட்டும், அல்லது சில மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் பீப் அடிக்க வைக்கும். தாம்பரத்தில் கதவருகே விழுந்த பட், உங்கள் போன் குரோம்பேட்டை தாண்டும்போது எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

பட் தொலைவது பெரும்பாலும் காதில் இருக்கும்போது அல்ல, கழற்றும்போதுதான். யாரோ பேச வருகிறார்கள், ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறோம், அதே கையால் கம்பியைப் பிடிக்கிறோம். அல்லது துப்பட்டா, முகக்கவசத்தின் நாடா, ஹெல்மெட்டின் உட்பஞ்சு எதிலாவது மாட்டி வெளியே வருகிறது. நெக்பேண்டில் காதுப் பகுதி நழுவினாலும் ஒயரில் தொங்கும், கழுத்திலேயே இருக்கும். அதையும் மேஜையில் மறந்துவிட்டு வரலாம்தான். ஆனால் ஒரு முழம் நீளப் பொருளை யாராவது பார்த்து எடுத்து வைப்பார்கள்.

நெக்பேண்டின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சாய்ந்து படுத்துக் கேட்க வசதிப்படாது, பட்டை கழுத்தை அழுத்தும். பல மாடல்களில் சார்ஜ் ஏறும்போது பயன்படுத்த முடியாது. பட் என்றால் ஒன்றைக் கேஸில் போட்டுவிட்டு மற்றதில் பேசிக்கொண்டே இருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம் மைக். சில நெக்பேண்டுகளில் மைக் கழுத்துப் பட்டையிலேயே இருக்கும், துப்பட்டாவோ காலரோ உரசினால் எதிர்முனையில் இருப்பவருக்குச் சரசரவென்று கேட்கும். உங்களுக்குப் பேச்சு அதிகம் என்பதால், மைக் காதுக்குப் போகும் ஒயரிலோ வாய்க்கு அருகிலோ இருக்கும் மாடலைத் தேடுங்கள்.

பழைய இயர்பட்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். மீதி இருக்கும் வலது பட் பெரும்பாலும் தனியாகவே இணையும். கேஸிலிருந்து அதை மட்டும் எடுத்துப் போனில் ப்ளூடூத் பட்டியலைப் பாருங்கள், வரவில்லை என்றால் பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். ஆபீஸ் பேச்சுக்கு அதை மேஜையிலேயே வைத்துக்கொண்டால், நெக்பேண்ட் ரயிலுக்கு மட்டும் போதும். பட் சார்ஜ் ஏறாததுபோல் தெரிந்தால் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அதன் அடியில் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளிலும் கேஸுக்குள் இருக்கும் ஊசிகளிலும் வியர்வையும் காது அழுக்கும் படிந்திருக்கும். உலர்ந்த காது குடையும் பஞ்சால் துடைத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கும்போது டைப்-சி சார்ஜ், வியர்வைக்கும் தூறலுக்கும் தாங்கும் ஐபிஎக்ஸ் 4 குறியீடு, போனையும் மடிக்கணினியையும் ஒரே நேரத்தில் இணைக்கும் வசதி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் வெளியே வரும் இடத்தில் ரப்பர் உறை நீளமாக, வளையக்கூடியதாக இருக்க வேண்டும். கையில் வந்ததும் திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள், துப்பட்டா போட்டுக்கொண்டு ரயில் நடைமேடையில் நின்று வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். ஐந்து நிமிடம் பேசிவிட்டு, என் குரல் எப்படிக் கேட்டது என்று கேளுங்கள். சரசரப்பு இருக்கிறது என்று சொன்னால் அன்றே திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த மாடலைப் பாருங்கள்.