பெட்டிங் கணக்கை மூடும் மெயில்: எந்த வார்த்தை எழுதுகிறோம் என்பதில்தான் இருக்கிறது

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். இங்கே ஆன்லைன் புக்மேக்கர் ஒருவரிடம் உள்ள கணக்கை மூடிவிட்டு, மீதிப் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். 86.40 பவுண்டு காட்டுகிறது. அதில் 10 பவுண்டு போனஸ். ஒரு 5 பவுண்டு பெட் இன்னும் முடியவில்லை. பணம் போட்ட டெபிட் கார்டும் காலாவதியாகிவிட்டது. மெயிலில் என்ன எழுதுவது?

பதில்: மெயில் எழுதும் முன் ஒருமுறை உள்ளே போய் வித்டிரா பட்டனை அழுத்திப் பாருங்கள். கணக்கு மூடிய பிறகு லாகின் நின்றுபோகும்; அதன்பின் எல்லாமே கஸ்டமர் சர்வீஸ் ஆட்களின் கையில். 86.40 முழுவதுமாக வராது. போனஸ் என்பது பணமல்ல, கணக்கோடு அது போய்விடும். உங்களுக்குச் சேர வேண்டியது 76.40. அந்த 5 பவுண்டு ஏற்கெனவே பாலன்ஸில் கழிந்துவிட்டதால் இந்த 76.40-ல் சேராது. பெட் முடியும் முன்பே பணமாக்கும் கேஷ் அவுட் கொடுத்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதற்கு என்ன செய்வார்கள் என்று மெயிலிலேயே கேளுங்கள்.

பணம் பொதுவாக வந்த வழியிலேயே திரும்பும். கார்டு காலாவதியானாலும் அதே வங்கிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், பழைய கார்டுக்கு அனுப்பிய தொகை பெரும்பாலும் அந்தக் கணக்கில் வந்து விழுந்துவிடும். வங்கிக் கணக்கையே மூடியிருந்தால்தான் சிக்கல்: பணம் புக்மேக்கரிடமே திரும்பிப் போய் வாரக்கணக்கில் நிற்கும். அப்படியென்றால் உங்கள் பெயரும் முகவரியும் தெரியும் புதிய வங்கி ஸ்டேட்மென்டை முதல் மெயிலிலேயே இணைத்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். 'கணக்கை மூடுங்கள்' என்பது ஒன்று, 'செல்ஃப்-எக்ஸ்க்ளூஷன் வேண்டும்' என்பது வேறு. முதலாவது வெறும் வாடிக்கை முடிப்பு. மனம் மாறி நாளை ஒரு மெயில் போட்டால் திறந்துவிடக்கூடும். இரண்டாவதைக் கேட்டால், பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் உரிம விதிப்படி குறைந்தது 6 மாதம் உங்களை உள்ளே விடக்கூடாது. இடையில் நீங்களே கெஞ்சினாலும் திறக்க முடியாது. கணக்கை மூடி, அதில் உள்ள பணத்தைத் திருப்பித் தருவதும் அதே விதியில் இருக்கிறது. ஆட்டம் கைமீறிப் போகிறது என்று தோன்றினால் கூச்சப்படாமல் இரண்டாவதையே எழுதுங்கள். அது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான். உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் தளங்களுக்கும் சேர்த்து அடைக்க கேம்ஸ்டாப் (GAMSTOP) என்ற சேவையில் இலவசமாகப் பதியலாம். முதலில் பணத்தை எடுத்துவிட்டுப் பதிவது வசதி. முன்பே பதிந்துவிட்டாலும் பணம் போய்விடாது, கேட்டு வாங்க வேண்டியதுதான்.

பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். வேறு முகவரியிலிருந்து போனால் 'நீங்கள்தானா?' என்று கேட்பதிலேயே நாட்கள் போகும். இந்த அளவு போதும், ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"பொருள்: கணக்கை மூடவும், மீதித் தொகையைத் திருப்பவும் – பயனர் பெயர் ______

என் கணக்கை இன்றே நிரந்தரமாக மூடவும். ரொக்க இருப்பு 76.40 பவுண்டை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். பணம் போட்ட கார்டு காலாவதியாகிவிட்டது. வங்கி ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன். முடிவாகாத 5 பவுண்டு பெட்டை என்ன செய்வீர்கள் என்று தெரிவிக்கவும். விளம்பர மெயில், எஸ்.எம்.எஸ். அனைத்தையும் நிறுத்தவும். மூடிய தேதியையும் அனுப்பிய தொகையையும் எழுத்தில் உறுதிப்படுத்தவும்."

செல்ஃப்-எக்ஸ்க்ளூஷன் என்றால் முதல் வரியை மட்டும் மாற்றி, எத்தனை மாதம் என்றும் குறிப்பிடுங்கள். காரணம் சொல்லிக் கதை எழுத வேண்டாம். 'ஒரு ஃப்ரீ பெட் தருகிறோம், இருங்களேன்' என்று பதில் வர அது வழி விடும். பாஸ்வேர்டோ முழு கார்டு எண்ணோ எழுதவே வேண்டாம். அனுப்பும் முன் பாலன்ஸ் பக்கத்தையும் பெட் ஹிஸ்டரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்க முடியாது.

பணம் கேட்கும்போதுதான் திடீரென்று பாஸ்போர்ட் காப்பி கேட்பது பழைய வழக்கம். 2019 மே 7 முதல் பெயர், முகவரி, பிறந்த தேதியை ஆட்டம் தொடங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தை இப்போது பணம் தருவதற்கு நிபந்தனையாக வைத்தால் அந்த விதியைச் சுட்டிக்காட்டலாம். புதிய வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று கேட்பது நியாயமான கேள்வி; அதற்கு முரண்டு பிடிக்காதீர்கள்.

பதிலே இல்லையென்றால், நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த மெயிலில் 'இது முறையான புகார்' என்று ஒரு வரி எழுதுங்கள். புகார் சேர்ந்த நாளிலிருந்துதான் நிறுவனத்துக்கு 8 வாரக் கெடு ஓடும்; வெறும் வேண்டுகோளுக்கு அந்தக் கெடு கிடையாது. அதற்குள் முடிக்காவிட்டால், அல்லது 'இதுதான் எங்கள் இறுதி பதில்' என்று எழுதிவிட்டால், அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தில் குறித்திருக்கும் சமரச அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம். ஆணையம் தனிநபரின் பணத்தை வாங்கித் தராது.