சிசேரியன் தையல் சிவந்து கசிந்தால் எந்த மாத்திரை?

கேள்வி: மனைவிக்கு சிசேரியன் ஆகி இன்று 7ஆம் நாள். தையலின் வலது ஓரம் சிவந்திருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது. நேற்றிலிருந்து நீர் கசிகிறது. காய்ச்சல் 99.6. கோபாலபுரம் மெடிக்கலில் செஃபிக்ஸிம் 200 வாங்கி இரண்டு வேளை கொடுத்தேன். தாய்ப்பால் கொடுக்கிறாள். அம்மா வேதுக்குளியையும் மஞ்சளெண்ணெயையும் விடக்கூடாது என்கிறார். இதே மாத்திரை போதுமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: போதாது. மாத்திரை அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு இன்றே அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.

தையல் புண்ணில் சீழ் வைப்பது பெரும்பாலும் 4 முதல் 7 நாளுக்குள் தெரியவரும். அதற்கு முக்கியக் காரணம் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. செஃபிக்ஸிம் இந்தக் கிருமியிடம் வலுவற்றது. சிறுநீர்த் தொற்றுக்குக் கேட்கும் மருந்து என்பதால் தையலுக்கும் கேட்கும் என்று நம்பி இரண்டு மூன்று நாளைக் கடத்தினால், அதற்குள் சிவப்பு பரவிவிடும்.

டாக்டர் முதலில் சிவந்த இடத்தின் பக்கத்தில் அழுத்தி, கசிவதைப் பார்ப்பார். தெளிந்த மஞ்சள் நீராக, வாடையில்லாமல் இருந்தால் தோலுக்கடியில் தேங்கிய நிணநீராக இருக்கலாம். கலங்கலாகவோ கெட்டியாகவோ நாற்றத்தோடோ வந்தால் சீழ். அப்போது ஒன்றிரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றி, சலைனால் கழுவுவார்கள். தையலைப் பிரிப்பதைக் கண்டு பதற வேண்டாம், அதுதான் முக்கிய சிகிச்சை. தேங்கிய சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது; எவ்வளவு நல்ல மாத்திரையும் அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. புது மருந்து தொடங்குமுன் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்குச் சீழை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதல் மருந்து கேட்காமல் போனால் அந்த ரிசல்ட்தான் வழிகாட்டும்.

சீழ் இல்லாமல் சிவப்பும் சூடும் மட்டும் இருந்தால் பொதுவாக எழுதுவது செஃபலெக்சின் 500 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, 5 முதல் 7 நாள். அல்லது அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, சாப்பாட்டோடு. இரண்டுக்கும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தைக்குக் கொஞ்சம் பேதியாகலாம், வாயில் வெள்ளை படியலாம். அப்படி வந்தால் சொல்லுங்கள். முன்பு பெனிசிலின் வகை மருந்தால் உடம்பெல்லாம் தடித்ததோ மூச்சுத் திணறியதோ உண்டென்றால் சீட்டு எழுதுமுன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்படியானால் மனைவிக்கு இந்த இரண்டுமே சரிப்படாமல் போகலாம்.

மருந்து கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிவையுங்கள். முதல் 24 மணி நேரத்தில் கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம். 48 மணி நேரமாகியும் பரவிக்கொண்டே போனால் மருந்து கேட்கவில்லை, அல்லது உள்ளே சீழ் இருக்கிறது என்று அர்த்தம். பாரசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால் அதைக் கொடுப்பதற்கு முன் டெம்பரேச்சர் பாருங்கள்.

வேதுக்குளியை இப்போதைக்கு நிறுத்துங்கள். அம்மாவிடம், புண் ஆறி மூடிய பிறகு டாக்டர் சொன்னதும் தொடரலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார். எண்ணெயும் மஞ்சளும் கசிவோடு சேர்ந்து பசைபோல ஒட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும்; சிவப்பு எவ்வளவு என்பதும் மஞ்சள் நிறத்தில் தெரியாது. டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆன்டிபயாடிக் பவுடர் எதுவும் வேண்டாம்.

கழுவும் முறை எளிது. கழுவுகிறவர் முதலில் கையை சோப்பால் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். குளிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரையும் சாதாரண சோப்பு நுரையையும் தையல்மேல் ஓடவிட்டால் போதும், தேய்க்கக்கூடாது. வெயிலில் காய்ந்த சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தொப்பை மடிந்து தையலை மூடினால் மல்லாந்து படுத்து மடிப்பைத் தூக்கி, காற்றுப்படச் சில நிமிடம் காயவிட்டு, மடிப்பில் உலர்ந்த காஸ் துண்டு வையுங்கள். ஈரமானால் உடனே மாற்றுங்கள். வயிற்றைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டுவதும் அந்த இடத்தை வியர்க்கவைக்கும். உள்ளாடையின் பட்டி தையலில் படாமல், அதைவிட உயரத்தில் இருக்கட்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் இப்போதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது. தையலைப் பிரித்துவிட்டிருந்தால் உள்ளே வைக்கும் காஸை யார், எத்தனை முறை மாற்றுவது என்று ஆஸ்பத்திரியிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

காய்ச்சல் 100.4ஐ எட்டினால், குளிர் நடுங்கினால், போகும் ரத்தம் நாறினால், அடிவயிறு வலித்தால் தொற்று கர்ப்பப்பையிலும் இருக்கலாம். பார்வைக்குச் சிறிய புண்ணாகத் தெரிந்தும் வலி தாங்கமுடியவில்லை, தோல் கறுக்கிறது, கொப்பளிக்கிறது என்றால் மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது. திடீரென ரோஸ் நிற நீர் நிறையக் கொட்டினால் உள்தையல் விட்டிருக்கலாம். அப்போது சுத்தமான துணியைச் சலைனில் நனைத்து மூடி, சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல், பாலக்காடோ பொள்ளாச்சியோ எது பக்கமோ, அறுவை அரங்கு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள்.