செத்தல் மிளகாயோடு வந்த தண்ணீர்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கறித்தூள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் கொள்வனவு முகாமையாளராக இருக்கிறேன். வழமையாகக் கிலோ 1,240 ரூபாய்க்கு வாங்கும் செத்தல் மிளகாயை இந்த முறை வேறொருவரிடம் 1,150 ரூபாய்க்கு 1,000 கிலோ வாங்கினேன். 90,000 ரூபாய் மிச்சம். ஆனால் எங்கள் கிரயக் கணக்காளர் "இதில் நட்டம்" என்று குறிப்பு அனுப்பியிருக்கிறார். எப்படி?

பதில்: நானும் கிரயக் கணக்குக்காரன்தான், அதனால் பக்கம் சாய்வேன் என்று நினைக்கலாம். சரி, கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் வாங்குவது செத்தல், விற்பது தூள். அதனால் கிலோ செத்தல் என்ன விலை என்பதை விட, ஒரு கிலோ தூளுக்குச் செத்தலில் எவ்வளவு செலவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஈரமும் கழிவும் நிற்கின்றன. உங்கள் மில் அளவுகள் என்னிடம் இல்லை. உதாரணத்துக்குச் சில எண்களை வைக்கிறேன், உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்.

வழமையான செத்தலில் ஈரம் 11 வீதம், காம்பும் வெளுத்த காயும் 3 வீதம் என்று வைப்போம். மலிவானதில் ஈரம் 17, கழிவு 6. அரைக்கும்போது ஈரம் 8 வீதத்துக்கு இறங்க வேண்டும். வழமையான 1,000 கிலோவில் கழிவு போக 970 கிலோ, அதைக் காயவைத்தால் ஏறத்தாழ 938 கிலோ மிஞ்சும். மலிவானதில் கழிவு போக 940, காய்ந்தபின் 848 தான். ஈரத்தை மட்டும் பார்த்தாலே, ஒரே எடைக்கு 60 கிலோ கூடுதல் தண்ணீரை மிளகாய் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

இனி விலையைப் போடுங்கள். வழமையானது 12,40,000 ரூபாயை 938ஆல் வகுக்கக் கிலோ தூளுக்கு ஏறத்தாழ 1,322. மலிவானது 11,50,000ஐ 848ஆல் வகுக்க 1,356. கூடுதலாகக் காயவைக்கவும் பொறுக்கவும் நாலு ஆள்-நாள் கூலி என்று 10,000 ரூபாயைச் சேர்த்தால் 1,368. இதே 848 கிலோவை வழமையான செத்தலில் எடுத்திருந்தால் ஏறத்தாழ 39,000 ரூபாய் குறைவாக முடிந்திருக்கும். இதுகூட வெயில் இருக்கிற மாதத்துக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாயில் பரப்பவே முடியாது. அப்போது உலர்த்தியின் எரிபொருளும் சேரும், சாக்கிலேயே பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சணத்தால் வரும் அஃப்லாடொக்சின் என்ற நச்சு, பிறகு காயவைத்தாலும் வறுத்தாலும் போய்விடாது. அந்தச் சாக்கை விலை குறைத்தும் வாங்கக் கூடாது.

உங்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்றால், அது உங்கள் கணக்கில் விழுவதில்லை. நியமக் கிரய அறிக்கையில், அதாவது முன்கூட்டி வைத்த விலையையும் அளவையும் உண்மையானவற்றோடு ஒப்பிடும் அறிக்கையில், விலை முரண் 90,000 சாதகம் என்று உங்கள் பெயரில் வரும். செத்தல் கூடச் செலவானது பயன்பாட்டு முரணாக, பாதகமாக மில்லின் பெயரில் வரும். மில் மேற்பார்வையாளர் திட்டு வாங்குவார், நீங்கள் பாராட்டு வாங்குவீர்கள். இந்தக் கூத்தை ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் பார்த்தும், இரண்டு எண்களும் ஒரே சாக்கிலிருந்து வந்தவை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உங்கள் கணக்காளரிடம் இரண்டையும் ஒவ்வொரு லொறிக்கும் சேர்த்தே காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பணம் கொடுக்கும் முன் பத்துச் சாக்குகளின் நடுவிலிருந்து மாதிரி எடுங்கள். மேலிருந்து எடுக்க வேண்டாம், மேலே காய்ந்ததைத்தான் வைப்பார்கள். கையில் குலுக்கினால் நன்றாகக் காய்ந்த செத்தலில் விதை கலகலக்கும், ஈரமானது தோல்போல வளையும். ஆனால் அது சந்தேகம் எழுப்ப மட்டும்தான். முடிவுக்கு, மாதிரியில் ஒரு கிலோவை நிறுத்து, பொறுக்கி, உங்கள் மில் வழக்கப்படி காயவைத்து அரைத்து, தூளை மறுபடி நிறுங்கள்.

அப்புறம், அந்த வழங்குநரை விட்டுவிடத் தேவையில்லை. மேலே சொன்ன அளவுகளின்படி அவருடைய சரக்கு கிலோ 1,110 ரூபாய்க்குக் கீழே வந்தால் உண்மையிலேயே மலிவு. அதைவிட நல்ல வழி, ஈரம் 11 வீதத்துக்கு இறங்கும்வரை காய்ந்தால் நிற்கும் எடைக்குத்தான் பணம் தருவோம் என்று கொள்வனவுக் கட்டளையிலேயே எழுதுவது. 17 வீத ஈரமுள்ள 1,000 கிலோவுக்கு அப்போது ஏறத்தாழ 932.6 கிலோவுக்கான பணம்தான் போகும். கிலோ 1,072 ரூபாய்தான் விழும். அவர் அதற்குச் சம்மதித்து, சாக்கில் பூஞ்சணமும் இல்லையென்றால், அவரிடமே வாங்குங்கள்.