கடன் காப்புறுதிக்கு 15,000 ரூபாய்: சாவு அட்டவணையை வைத்து ஒரு கணக்கு

கேள்வி: நாங்கள் பரந்தன் பக்கம். வயல் செய்கிறோம். லாண்ட்மாஸ்டர் வாங்க 10 இலட்சம் கடன் எடுக்கிறம். காலபோக அறுவடை முடிய வருசம் 2 இலட்சம் படி அஞ்சு வருசத்தில முதலைக் கட்டி முடிக்க வேணும். இவருக்கு 40 வயது. கடனோட உயிர்க் காப்புறுதியும் எடுக்கச் சொல்லி, ஒரேயடியா 15,000 ரூபாய் கேக்கினம். இது நியாயமான காசா?

பதில்: அம்மா, முதலில் ஒன்றைக் கேட்டு வாருங்கள். அவர் இறந்தால் எந்த வருடமானாலும் 10 இலட்சம் கிடைக்குமா, அல்லது அன்றைக்கு மிஞ்சியிருக்கும் கடன் மட்டும் தீருமா? முகவர்கள் இரண்டையும் "10 இலட்சக் காப்புறுதி" என்றே சொல்வார்கள். ஆனால் இரண்டின் பெறுமதியும் ஒன்றல்ல.

கட்டுப்பணத்தின் அடிப்படை இதுதான்: ஒவ்வொரு வருடமும் சாவு நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும், அந்தக் காசில் ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கி வைத்தால் போதும். இந்த மூன்றையும் பெருக்கி, எல்லா வருடங்களையும் கூட்டினால் நியாயமான தொகை வரும். ஊர் மரண உதவிச் சங்கத்தில் எல்லாரும் ஒரே சந்தா கட்டுகிறார்கள். காப்புறுதியில் வயதுக்கு வயது தொகை மாறுவது, எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று காட்டும் சாவு அட்டவணையால்தான்.

கணக்குக்காக ஒரு சிறிய அட்டவணையை எடுப்போம். கம்பனிகளின் அட்டவணை இதைவிட விரிவானது, ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றே. 40 வயதுக்காரர் 10,000 பேர் சேர்கிறார்கள். அவர்களில் முதலாம் வருடம் 20 பேர், பிறகு வருடத்துக்கு வருடம் 22, 24, 27, 30 பேர் இறக்கிறார்கள் என்று வைப்போம். வட்டி 8 வீதம். காசு அந்தந்த வருட முடிவில் கொடுபடுகிறது.

முதலாம் வருடத்துக்கு 20 குடும்பங்களுக்குப் பத்துப் பத்து இலட்சம், அதாவது 2 கோடி வேண்டும். 10,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,000 ரூபாய். அதை ஒரு வருடம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் 1.08 ஆல் வகுத்து, இன்றைக்கு 1,852 வைத்தால் போதும். இரண்டாம் வருடத்துக்கு ஆளுக்கு 2,200. அதை 1.08 ஆல் இரண்டு முறை வகுக்க 1,886 வரும். இப்படியே போனால் 1,905, 1,985, 2,042. ஐந்தையும் கூட்ட 9,670 ரூபாய். தொகை 10 இலட்சத்தில் இறங்காமல் நிற்கும் காப்புறுதியின் அடக்க விலை இது.

உங்கள் கடனோ 10, 8, 6, 4, 2 இலட்சம் என்று இறங்குகிறது. அதே ஐந்து எண்களையும் அந்த அளவுக்குக் குறைத்தால் 1,852, 1,509, 1,143, 794, 408 வரும். கூட்டினால் 5,706 ரூபாய்தான்.

இந்த அடக்க விலையின் மேல் முகவரின் தரகு, அலுவலகச் செலவு, கம்பனியின் இலாபம் என்று ஒரு பகுதி ஏறும், அது இல்லாமல் நடக்காது. இறங்காத காப்புறுதிக்கு 15,000 என்றால் மூன்றில் இரண்டு பங்களவு உங்கள் பாதுகாப்புக்கே போகிறது, ஏற்கலாம். இறங்கும் காப்புறுதிக்கு அதே 15,000 என்றால் 9,000 ரூபாய்க்கு மேல் மற்றச் செலவுகளுக்குப் போகிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை, குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இறங்கும் வகையில் காசு கடன் கொடுத்தவரிடமே போகும், உங்கள் கைக்கு எதுவும் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

"வட்டி வீதம் குறைந்துவிட்டது, அதனால்தான் கூட" என்று சொன்னால் ஏமாற வேண்டாம். 8 வீதத்துக்குப் பதில் 5 வீதம் போட்டாலும் 9,670 என்பது 10,545 ஆகத்தான் ஏறும். ஐந்து வருடக் காப்புறுதியில் விலையை ஆட்டுவது வட்டியைவிடச் சாவு எண்தான். இறப்பு இரு மடங்கானால் தொகையும் அப்படியே இரு மடங்காகும். அதனால்தான் புகைபிடித்தல், நீரிழிவு, சிறுநீரக நோய் பற்றிக் கேட்கிறார்கள். அவர் சிறுநீரக கிளினிக்குக்குப் போகிறவரானால் அதைப் படிவத்தில் எழுதியே தீருங்கள். முகவர் "தேவையில்லை" என்றாலும் விடாதீர்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் கம்பனி கொடுக்க மறுக்கலாம், கடன் உங்கள் தலையில் விழும்.

அந்த 15,000 ஐக் கடனோடு சேர்க்க விடாமல் கையில் இருந்து கட்டுங்கள். சேர்த்தால் அதற்கும் கடன் வட்டி ஓடும். நல்ல விளைச்சலில் மூன்றாம் வருடமே கடனை முடித்தால் மிச்சக் காலத்துக்கான பணம் திரும்புமா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.