ஹெல்மெட் பஞ்சு நாற்றமும் கீறல் விழுந்த கண்ணாடியும்

கேள்வி: ஹெல்மெட்டுக்குள்ளே வியர்வை நாத்தம் தாங்கல. பஞ்சைக் கழற்றித் துவைக்கலாமா? கண்ணாடியில நிறைய கீறல் இருக்கு. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா போயிடும்னு சொல்றாங்க, உண்மையா? இல்ல மாத்தித்தான் ஆகணுமா?

முதலில் பஞ்சு. ஹெல்மெட்டைக் கவிழ்த்து, கன்னப் பகுதிப் பஞ்சுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். டிக் பட்டன் தட்டுப்பட்டால் அது கழற்றக்கூடிய வகை. துணி ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்கு நேர் அடியில் விரலைக் கொடுத்து நெம்புங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பட்டன் அங்கேயே நிற்கும், துணி கையோடு வந்துவிடும். உச்சிப் பஞ்சின் நெற்றி ஓரத்தில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். வெளி ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே செருகியிருப்பார்கள். அதையும் கையாலேயே எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் தெர்மாகோலைக் குத்திவிடும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இடது எது வலது எது என்று பிறகு குழம்ப வேண்டாம்.

அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் குழந்தைகள் ஷாம்பூ, அவ்வளவுதான். கால் மணி நேரம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். முதல் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் வரும், அசந்துவிடாதீர்கள். தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு உருமாறிவிடும். துண்டுக்குள் வைத்து அழுத்தினால் போதும். பிளீச்சிங், துணி சோப்புத் தூள், வாஷிங் மெஷின் மூன்றும் வேண்டாம்.

நாற்றம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் காய வைப்பதில்தான் இருக்கிறது. துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கன்னப் பஞ்சின் நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். உலர்ந்த கைக்குட்டையை வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். கைக்குட்டையில் ஈரம் ஒட்டினால் இன்னும் ஒரு இரவு ஃபேனுக்கு அடியில் கிடக்கட்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகும், அதனால் வண்டி எடுக்காத நாளுக்கு முந்தின ராத்திரி ஆரம்பிப்பது நல்லது.

பஞ்சு கழற்ற வராத வகை என்றால் ஹெல்மெட்டை வாளியில் முக்காதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகலாம். ஷாம்பூ நுரையை மட்டும் ஸ்பஞ்சில் எடுத்துத் தேய்த்து, ஈரத் துணியால் நாலைந்து முறை ஒற்றி எடுத்து, டேபிள் ஃபேன் முன்னால் உள்பக்கம் காற்றுப் படும்படி வைத்துவிடுங்கள். எந்த வகையானாலும் பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே வேண்டாம். அடி விழும்போது தலையைக் காப்பாற்றுவது அந்தத் தெர்மாகோல்தான், பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும்.

சரி, இனி கண்ணாடி. கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். லேசில் உடையாது, ஆனால் சுலபமாகக் கீறல் விழும். அதனால்தான் தரமான கண்ணாடிகளில் மேலே மெல்லிய கடினப் பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். பேஸ்ட்டில் இருப்பது நுண்ணிய அரைப்புத் தூள். அது கீறலை நிரப்பாது. கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் சேர்த்து அரைத்துவிடும். நான் ஒரு பழைய கண்ணாடியில் இதைச் செய்து பார்த்தேன். பகலில் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது, எனக்கே பெருமை. இரவில் எதிரே லாரி வந்ததும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. பூச்சு போன பிறகு இன்னும் வேகமாகக் கீறலும் விழ ஆரம்பித்தது. கார் மெழுகு பூசினால் கொஞ்ச நாள் கீறல் மறையும், மழையில் திட்டுத் திட்டாகிவிடும்.

ஆக, விழுந்த கீறல் விழுந்ததுதான். அது ஆபத்தானதா என்று பார்ப்பதற்கு நான் செய்யும் சோதனையைச் சொல்கிறேன். போன மாதம் என் இரண்டு வருடக் கண்ணாடியை இப்படித்தான் பார்த்தேன். முதலில் கழுவிக் காய வைத்தேன், ஏனென்றால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கீறல் மாதிரியே ஏமாற்றும். இருட்டிய பிறகு, வண்டி போக்குவரத்து இல்லாத எங்கள் தெருக் கோடியில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு, லோ பீமில் விளக்கைப் போட்டேன். விளக்குக்கு ஒரு கை தள்ளி, கறுப்புச் சுடிதாரில் இருந்த என் மனைவியை நிற்கச் சொன்னேன். நான் இருபது இருபத்தைந்து அடி தள்ளி நின்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியை மேலே தூக்கினால் ஆள் முழுசாகத் தெரிந்தாள். கீழே இறக்கினால் விளக்கிலிருந்து கோடு கோடாக ஒளி கிளம்பியது, ஆளைக் காணோம், செருப்பில் இருந்த வெள்ளிப் பட்டை மட்டும் மின்னியது. "தெரியுதாங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான் கை ஆட்டிக்கொண்டிருந்ததே புரிந்தது. அடுத்த நாளே மாற்றிவிட்டேன்.

இத்தனைக்கும் பகலில் அந்தக் கண்ணாடி எனக்கு ஒரு குறையும் காட்டவில்லை. இரவில் எதிர் விளக்கின் ஒளி ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறி, கண்ணுக்கு முன்னால் ஒரு வெளிச்சத் திரை கட்டிவிடுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பவர் லைட் இல்லாத சைக்கிள்காரராக இருக்கலாம், மாடாக இருக்கலாம். காலையில் கிழக்கு நோக்கிப் போகும்போது தாழ்ந்த வெயிலும் இதே வேலையைச் செய்யும். மழை இரவில் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் கீறலின் நீளத்தைவிட இடத்தைப் பாருங்கள். ஓரத்திலோ தாடைக்கு நேரிலோ ஒரு நீளக் கோடு இருந்தால் விட்டுவிடலாம். கண்ணுக்கு நேராகச் சிலந்தி வலை போல் மெல்லிய கீறல்கள் கூட்டமாக இருந்தால், நகத்தில் தட்டுப்படாவிட்டாலும் மாற்றுங்கள். ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி வெண்கோடோ விரிசலோ தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். ஹெல்மெட் கீழே விழுந்து அடிபட்டதால் வந்த கீறல் என்றால் விஷயமே வேறு. உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. ஹெல்மெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்வரை கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டலாமே என்றால், ஒரு பூச்சி கண்ணில் அடித்தால் போதும். அந்த நாட்களில் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பதே மேல்.

கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கும், பல மாடல்களுக்குச் சில நூறு ரூபாய்தான். ஹெல்மெட் உள்ளே ஒட்டியிருக்கும் மாடல் பெயரைப் பார்த்துக் கேளுங்கள். ஒரே கம்பெனி என்பதற்காக எல்லாம் பொருந்தாது. மாட்டிய பின் இறக்கிப் பார்த்தால் ரப்பர் பீடிங்கில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். இரவில் ஓட்டுபவர் என்றால் கறுப்புக் கண்ணாடி வாங்காதீர்கள்.

புதியதில் கீறல் விழாமல் இருக்க ஒரே ஒரு பழக்கம்: காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். நம் ஊர்த் தூசி மணல்தான், சட்டை நுனியால் ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி. பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போர்த்தி வையுங்கள், ஊறி உதிர்ந்துவிடும். அப்புறம் குழாய்த் தண்ணீரில் காட்டி விரல் நுனியால் ஷாம்பூ தடவிக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். உட்புறம் பனி படியாத பூச்சு இருந்தால் அங்கே வெறும் தண்ணீர் மட்டும். வீட்டு ஜன்னல் துடைக்கும் ஸ்பிரேயில் அமோனியா இருக்கலாம், அது பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. அப்புறம் சிக்னலில் யாராவது துணியோடு வந்து, "துடைச்சு விடவா அண்ணா" என்றால் தலையை ஆட்டி மறுத்துவிடுங்கள். அந்தத் துணி அதற்கு முன் எத்தனை வண்டியைத் துடைத்ததோ.