நீண்ட மின்தடைக்கு எந்த அளவு பவர் பேங்க் போதும்?

கேள்வி: வீட்டில் இரண்டு போன்கள் இருக்கின்றன. இரண்டு நாள் கரண்ட் வராவிட்டாலும் சமாளிக்க 10000 எம்ஏஎச் பவர் பேங்க் போதுமா, 20000 வாங்க வேண்டுமா? பவர் சேவிங் மோடு போட்டால் உண்மையிலேயே பயன் உண்டா?

20000 வாங்குங்கள். ஆனால் சேமிப்பு முறையைச் சரியாகக் கையாளாவிட்டால் அதுவும் இரண்டு நாளுக்குப் போதாது என்பதால், முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

பவர் சேவிங் மோடு, பின்னணியில் ஓடும் செயலிகளையும் தானாக நடக்கும் ஒத்திசைவையும் கட்டுப்படுத்துகிறது. பல போன்களில் திரையின் வெளிச்சத்தையும் பிராசஸரின் வேகத்தையும் சேர்த்தே குறைக்கிறது. சாதாரண நாளில் இது நல்ல பயன் தரும். நீண்ட மின்தடையில் நிலைமை வேறு. வீட்டு வைஃபை நின்றுவிடுவதால் போன் முழுக்க மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது. சில மணி நேரத்தில் அருகிலுள்ள செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், தொலைவிலுள்ள கோபுரத்தைப் பிடிக்க போன் கூடுதல் சக்தியுடன் அலை அனுப்பத் தொடங்குகிறது. இந்தச் செலவைப் பவர் சேவிங் மோடால் பெரிதாகக் குறைக்க முடியாது. சிக்னல் கோடு ஒன்றுக்கு இறங்கி, சட்டைப்பையில் சும்மா இருக்கும் போன் லேசாகச் சூடாகிறது என்றால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம்.

அப்போது உதவுவது ஏரோப்ளேன் மோடுதான். இரண்டு போன்களில் ஒன்றை அதில் போட்டுவிட்டு, மற்றொன்றைப் பவர் சேவிங் மோடில் அழைப்புகளுக்காக வைத்திருங்கள். சிக்னல் அறவே இல்லாத நிலையில் இரண்டையுமே ஏரோப்ளேன் மோடில் வைத்து, மணிக்கொரு முறை சில நிமிடங்கள் மட்டும் திறந்து பார்ப்பது நல்லது. பவர் சேவிங் மோடையும் 20 சதவீதம் வரும்வரை காத்திருக்காமல், கரண்ட் போன உடனேயே போட்டுவிட வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஐபோனில் சார்ஜ் 80 சதவீதத்தைத் தொட்டதும் இந்த மோடு தானாக அணைந்துவிடும், ஆகவே பவர் பேங்கிலிருந்து கழற்றியதும் அதை மீண்டும் போட வேண்டியிருக்கும்.

இனி கணக்குக்கு வருகிறேன். பவர் பேங்கின் மீது அச்சிட்டிருக்கும் 10000 என்பது உள்ளேயிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. ஆற்றலாகப் பார்த்தால் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது ஒரு பகுதியும், போன் அதை வாங்கித் தன் பேட்டரியில் ஏற்றும்போது இன்னொரு பகுதியும் வெப்பமாகப் போய்விடுவதால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 25 வாட் மணி அளவே போனுக்குச் சேரும். இன்றைய 5000 எம்ஏஎச் போன் ஒன்று நிறைய 19 வாட் மணி தேவை. எனவே 10000 எம்ஏஎச் தருவது இரண்டு முழு சார்ஜ் அல்ல, சுமார் 130 சதவீதம். 20000 எம்ஏஎச் தருவது சுமார் 260 சதவீதம்.

உங்கள் இரண்டு போன்களில் ஒவ்வொன்றும் சேமிப்பு முறையில் நாளொன்றுக்கு 60 சதவீதம் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு நாளுக்கு மொத்தம் 240 சதவீதம் வேண்டும். கரண்ட் போகும்போது இரண்டிலும் முழு சார்ஜ் இருந்து, அவசரத்துக்கு ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் ஒதுக்கினால் கையில் இருப்பது 160; மீதி 80 சதவீதத்தை 10000 எம்ஏஎச் தாராளமாகத் தரும். ஆனால் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. இரண்டு போன்களும் பாதியில் இருக்கும்போது போய்விட்டால் கையில் இருப்பது 60 மட்டுமே. தேவை 180 சதவீதமாகிவிடும், 10000 எம்ஏஎச் போதாது. நான் 20000 என்று சொல்வது இதற்காகத்தான். அதே சமயம், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்தி ஒவ்வொரு போனிலும் நாளுக்கு 120 சதவீதம் செலவானால், முழு சார்ஜில் தொடங்கினாலும் 320 சதவீதம் தேவைப்படும். 20000 எம்ஏஎச்சும் இரண்டாம் நாளிலேயே காலியாகிவிடும்.

வாங்கும்போது பெரிய எண்ணை மட்டும் பார்க்காமல், பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் ரேட்டட் கெபாசிட்டியைப் பாருங்கள். 5 வோல்ட்டில் உண்மையில் வெளிவரும் அளவு அதுதான். 10000 எம்ஏஎச் பவர் பேங்கில் அது 6000 சுமாருக்கு இருப்பது இயல்பு.

அதைவிடவும் நான் முக்கியமாகக் கருதுவது, பவர் பேங்க் எவ்வளவு வேகமாக நிறைகிறது என்பது. இடையில் இரண்டு மணி நேரம் மட்டும் கரண்ட் வந்து போனால், 10 வாட் மட்டுமே உள்வாங்கும் 20000 எம்ஏஎச் பவர் பேங்கில் கால் பங்குகூட ஏறாது. 18 வாட் வாங்கக்கூடியதில் ஐந்தில் இரண்டு பங்கு ஏறிவிடும். அதற்கு ஏற்ற சார்ஜரும் கேபிளும் வீட்டில் இருக்க வேண்டும். பழைய 10 வாட் சார்ஜரில் செருகினால் எந்தப் பவர் பேங்கும் மெதுவாகத்தான் நிறையும்.