அடுத்தவர் கொட்டேஷனைக் கேட்கும் கான்ட்ராக்டருக்கு என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம், இரண்டு வந்துவிட்டன. மூன்றாமவர் போன முறை எங்களுக்கு நன்றாக வேலை செய்து கொடுத்தவர். "மத்தவங்க என்ன ரேட் போட்டிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க சார், அதைவிடக் கம்மியா முடிச்சுத் தர்றேன்" என்று தினமும் போன் செய்கிறார். சங்கத்துக்குப் பணம் மிச்சமாகுமே என்று சிலர் சொல்கிறார்கள். செயலாளராக நான் என்ன செய்வது? அவரைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சொல்லாதீர்கள். மிச்சமாகும் என்பது கணக்குப் போட்டால் நிற்காது.

ஒரு பேச்சுக்கு உங்கள் வெளிச்சுவர் 12,000 சதுர அடி என்றும், வந்த இரண்டில் குறைந்தது சதுர அடிக்கு 28 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய ஆள் யாரையும் பார்க்காமல் தானாகக் கணக்குப் போட்டிருந்தால் 26 ரூபாய்க்கே வந்திருக்கலாம். 28 என்று காதில் விழுந்த பிறகு 27.50 போடுவார். நீங்கள் வாயைத் திறந்ததற்குச் சங்கம் கொடுத்த விலை 18,000 ரூபாய்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அவருக்கு உண்மையில் 30 ரூபாய் அடக்கமாகும் வேலை அது என்றால்? வேலை கைவிட்டுப் போகக்கூடாது என்று 27.50 எழுதிக் கொடுப்பார். துண்டு விழும் 30,000 ரூபாயை எங்கேயாவது எடுத்தாக வேண்டும், பெயின்டில்தான் எடுப்பார். வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமாராக 50 சதுர அடி வரும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் குறையும். 12,000 சதுர அடிக்கு 240 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி 12. எட்டு வாளியை இறக்கித் தண்ணீரைக் கூட்டி அடித்தாலும், பிரைமரை விட்டுவிட்டாலும், முடித்த அன்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு மழைக்காலம் போனால் சன்ஷேடுக்கு அடியில் உரிய ஆரம்பிக்கும். யாருக்கு வேலை கொடுத்தாலும் வாளிகளை உங்கள் கண்முன்னே சீல் உடைக்கச் சொல்லுங்கள், காலி வாளிகளை வேலை முடியும்வரை எண்ணி வையுங்கள்.

இன்னொன்று, அந்த 28 அவருக்கே உதவாது. அது ஜிஎஸ்டி இல்லாத விலையாக இருந்தால், 18 சதவீதம் சேர்த்து 33.04 ஆகிவிடும். ஜிஎஸ்டி சேர்த்து 31 போட்டவர்தான் அங்கே குறைந்த விலைக்காரர். ஒருவர் விரிசல் அடைப்பைச் சேர்த்திருப்பார், ஒருவர் சாரக் கூலியைத் தனியாக எழுதியிருப்பார். எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர் தப்பான எண்ணோடுதான் போட்டி போடுவார்.

மற்ற இருவரும் அவர்களுடைய கணக்கை உங்களை நம்பித்தான் கொடுத்தார்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். விலை வெளியே போனது தெரிந்தால், அடுத்த முறை உங்கள் குடியிருப்புக்கு ஒழுங்கான கொட்டேஷன் வராது.

அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, அவங்க விலையை உங்ககிட்ட சொல்ல முடியாது. உங்க விலையையும் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா நல்ல விலை போட உங்களுக்கு என்ன விவரம் வேணுமோ கேளுங்க, எல்லாம் தர்றேன்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தன் விலையும் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் கோபப்படாமல் போனை வைப்பார். "கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க" என்று பழியை வேறு யார் மேலும் போட வேண்டாம். போட்டால் அடுத்த போன் கமிட்டி உறுப்பினருக்குப் போகும்.

தருவதற்கு உங்களிடம் நிறைய இருக்கிறது. அளந்த சதுர அடி, எந்தச் சுவர் சேர்த்தி எது இல்லை, பழைய பெயின்டைச் சுரண்ட வேண்டுமா, எத்தனை கோட்டு, எந்த ரகப் பெயின்ட், பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு, கடைசித் தேதி என்ன, எத்தனை பேர் போட்டியில் இருக்கிறார்கள். எண்ணிக்கையைச் சொல்லலாம், பெயர்களைச் சொல்லாதீர்கள். பெயர் தெரிந்தால் மூவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டு கொட்டேஷனில் ஒரே எழுத்துப்பிழையோ ஒரே கூட்டல் தவறோ இருந்தால் அது நடந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

அவர் கேட்கும் கேள்வி எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கும் சமயமும் வரும். "லிஃப்ட் ரூம் சுவர் இதுல சேருமா சார்?" என்று கேட்டால், பதிலை மூவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள், கேட்டவர் யார் என்று சொல்லாமல். ஏற்கெனவே கொடுத்த இருவருக்கும் விலையைத் திருத்த வாய்ப்புக் கொடுங்கள். ஆனால் "சாரம் கட்டாம மேலிருந்து கயிறு கட்டித் தொங்கி அடிச்சா செலவு குறையும்" என்று அவர் ஒரு வழி சொன்னால் அது அவருடைய தொழில் யோசனை. அதையும் மற்றவர்களிடம் சொல்லக்கூடாது. விலை மட்டும் ரகசியமில்லை, விலையைக் குறைக்கும் வழியும் ரகசியம்தான்.

நீங்கள் வாயை மூடியிருந்தாலும் வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கொட்டேஷன் படத்தைப் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு. அது சாயங்காலத்துக்குள் அவர் போனுக்குப் போய்விடும். உறுப்பினர்கள் வெளியாட்கள் இல்லை, அவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் பிரித்த பிறகு. மூன்றாவதை ஒட்டிய கவரில் வாங்குங்கள். மெயிலில் அனுப்புவதாக இருந்தால், பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டைப் பிரிக்கும் நேரத்தில் போனில் சொல்லட்டும். கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள்.

அரசு டெண்டர்களுக்கு 1998-ல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் உண்டு. அங்கே டெண்டர் போட்டவர்கள் வந்து பார்க்க, அவர்கள் முன்னிலையில்தான் பிரிப்பார்கள். உங்கள் சங்கத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்: கடைசித் தேதி முடிந்ததும் மூவரையும் கூப்பிட்டு, மொத்தத் தொகையை மட்டும் வாசியுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் யாருக்கும் சலுகை இல்லை. இப்படிச் செய்யப் போவதை இப்போதே மூவருக்கும் சொல்லிவிட வேண்டும், முதலில் ரகசியம் என்று சொல்லிவிட்டு அப்புறம் வாசிக்கக்கூடாது.

வேலை அவருக்குக் கிடைக்காவிட்டால் அவரே கேட்பார், "எதுல சார் விட்டேன்?" என்று. அப்போது அவருடைய கொட்டேஷனை வைத்தே பேசுங்கள்: "வாரன்டி எழுதலை, பிரைமர் கோட்டு எத்தனைன்னு போடலை." அடுத்த முறைக்கு அது அவருக்குப் பயன்படும், ஜெயித்தவரின் கணக்கு வெளியே வராது.

ஒருவேளை விலை ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தால், அவர் கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். மூவரிடமும், "விலை வெளியே தெரிந்துவிட்டது, எங்கள் பக்கம்தான் தவறு" என்று சொல்லிவிடுங்கள். வேலை விவரத்தை இன்னும் தெளிவாக எழுதி, ஒரு வாரம் தேதி கொடுத்து, எல்லோரிடமும் ஒட்டிய கவரில் புதிதாக வாங்குங்கள்.